செல்பேசியில் குறித்து வைத்த எல்லைக் கல் நான்கு மீட்டர் தள்ளிக் காட்டுகிறது: உதவி தேவை

நெல்லிக்குப்பத்தான்
வணக்கம். நெல்லிக்குப்பத்துக்கு அருகே உள்ள எங்கள் மனையின் மூலைக் கல் ஒன்றைக் காணவில்லை. பக்கத்து மனைக்காரர் சுற்றுச்சுவருக்கு வானம் தோண்டத் தொடங்கிவிட்டதால் அவசரமாகக் கேட்கிறேன். கல் இருந்தபோதே அந்த இடத்தைச் செல்பேசியில் குறித்து வைத்திருந்தேன். இன்று அதே குறியைத் தேடிப் போனால், அது நான்கு மீட்டர் தள்ளி அவருடைய மனைக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் காட்டும் செயலி இவ்வளவு பிசகுமா? சென்டிமீட்டர் சுத்தமாகக் காட்டும் செயலி எது?

தாழங்குடா
எத்தனை சென்ட் மனை? மற்ற கற்கள் நிற்கின்றனவா? புலப்படம் கையில் இருக்கிறதா? சுற்றிலும் மரமோ மாடி வீடோ உண்டா? இவை தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கோட்டக்குப்பம் சர்வே
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது; தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. வரைபடம் பார்க்கும் சாதனத்தால் எல்லை அளக்க முயல்வதே தவறு. செயற்கைக்கோள் அலையைக் கொண்டு சென்டிமீட்டர் சுத்தமாக அளக்கும் ஆர்டிகே கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் வேலை முடிந்துவிடும்.

முதுநகர் மணி
அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து. செல்பேசியை அந்த இடத்திலேயே ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துச் சராசரி எடுத்தால் பிழை தேய்ந்துவிடும். இன்னும் நல்ல வழி, நிற்கும் கல்லின் மேல் ஒரு செல்பேசியும் தேடும் இடத்தில் இன்னொன்றும் வைத்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் கணக்கில் கொள்வது. வானத்திலிருந்து வரும் பிழை இரண்டுக்கும் பொதுவானது என்பதால் கழிந்துபோகும். ஆர்டிகே செய்வதும் இதைத்தானே?

பாகூர் அளவர்
மணி அண்ணன் சொல்வதில் பாதி மிகச் சரி. செயற்கைக்கோளின் கடிகாரமும் பாதைக் கணிப்பும் சற்றுப் பிசகுவதாலும், அயனி மண்டலத்தில் அலை தாமதப்படுவதாலும் வரும் பிழை, சில கிலோமீட்டருக்குள் உள்ள இரண்டு கருவிகளுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆகவே இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையத்தில் அதே நேரத்தில் அளந்து, அங்கே கிடைத்த பிழையை இங்கே கழிக்கிறோம்.

ஆனால் பக்கத்துச் சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பி வரும் அலை அந்தந்த இடத்துக்கே உரியது; இரண்டு மீட்டர் தள்ளினாலே மாறிவிடும், கழித்தாலும் போகாது. செல்பேசியின் சிறு ஆண்டெனா நேரடி அலையையும் திரும்பிய அலையையும் பிரித்தறியாமல் இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. நில அளவைக் கருவியின் ஆண்டெனாவோ திரும்பிய அலையைப் பெருமளவு ஒதுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஒரு மணி நேரச் சராசரியும் இதற்கு மருந்தாகாது. செயற்கைக்கோள்கள் மெல்ல நகர்வதால் அந்தப் பிழை பல நிமிடங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதன் சராசரியும் சாய்ந்தே இருக்கும்.

இன்னொன்று, செல்பேசி தூரத்தைக் கணிப்பது அலையின் மேல் ஏற்றி அனுப்பப்படும் குறியீட்டைக் கொண்டுதான். ஜிபிஎஸ்ஸின் பழைய பொதுக் குறியீட்டில் ஒரு துண்டின் நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு வரை ஒப்பிட முடிந்தாலும் 3 மீட்டர் ஆகிறது. ஆர்டிகே கருவி குறியீட்டோடு நிற்காமல் அதைச் சுமந்து வரும் அலையையே அளக்கிறது. அதன் நீளம் 19 சென்டிமீட்டர். நூற்றில் ஒரு பங்கு 2 மில்லிமீட்டர்தான். சிக்கல் என்னவென்றால், செயற்கைக்கோளுக்கும் கருவிக்கும் இடையே எத்தனை முழு அலைகள் உள்ளன என்பது தெரியாது. அந்த முழு எண் பிடிபட்டால் திரையில் FIX என்று வரும், பிடிபடாதவரை FLOAT. அதைப் பிடிக்க அலையை இடைவிடாமல் தொடர வேண்டும். பல செல்பேசிகள் மின்கலத்தை மிச்சப்படுத்த ரிசீவரை அணைத்து அணைத்துப் போடுவதால் எண்ணிக்கை அறுந்துபோகிறது.

ஆறாவது இலக்கத்தின் மதிப்பு 11 சென்டிமீட்டர்தான். அத்தனை இலக்கம் எழுதிக் காட்டுவதால் அளவு அத்தனை துல்லியம் ஆகிவிடாது.

முதுநகர் மணி
இரண்டு அலைவரிசை வாங்கும் புதிய செல்பேசிகள் 2018-லிருந்தே வருகின்றன. மூல அளவீட்டைச் சேமித்துப் பிறகு கணித்து டெசிமீட்டர் அளவுக்கு வந்தவர்களும் இருக்கிறார்களே?

பாகூர் அளவர்
உண்டு, மறுக்கவில்லை. திறந்த வெளியில், செல்பேசியை அசைக்காமல், அருகிலேயே நல்ல நிலையம் இருக்கும்போது அப்படி வந்திருக்கிறது. இரண்டு வீடுகளுக்கு நடுவே சுவர் ஓரத்தில் அதே அளவு வரும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பரங்கிப்பேட்டை இறால்
நடுவில் ஒரு சந்தேகம். என் குட்டையின் கரை மட்டத்தைச் செல்பேசியில் பார்த்தால் கடலுக்கு 80 மீட்டர் கீழே என்கிறது. இதையும் ஆர்டிகே சரி செய்யுமா?

தாழங்குடா
ஐயா, அது வேறு விஷயம். அந்தச் செயலி உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்காமல் பூமியின் கணித உருவத்திலிருந்து அளக்கிறது. நம் கரையில் இரண்டுக்கும் அவ்வளவு இடைவெளி உண்டு. தனி இழை தொடங்குங்கள்.

நெல்லிக்குப்பத்தான்
மன்னிக்கவும், விவரம் தருகிறேன். ஐந்து சென்ட். கிழக்கு மேற்காக 12.2 மீட்டர், வடக்கு தெற்காக 16.6 மீட்டர், மூலைவிட்டம் 20.6 என்று புலப்படத்தில் உள்ளது. கிழக்குப் பக்கக் கற்கள் இரண்டும் நிற்கின்றன. காணாமல் போனது தென்மேற்குக் கல். மேற்கே மாடி வீடு, இரண்டு தென்னைகள்.

கோட்டக்குப்பம் சர்வே
இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். நான் சொன்னதில் மாற்றமில்லை: ஆர்டிகே. திரையில் FIX வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

பாகூர் அளவர்
பேச்சு இருக்கிறது. தென்னை ஓலைக்கும் மாடிச் சுவருக்கும் கீழே கருவி தவறான முழு எண்ணைப் பிடித்துக்கொண்டும் FIX காட்டும். ஆண்டெனாக் கம்பத்தை எடுத்து, செயற்கைக்கோள் தொடர்பை அறுத்து, புதிதாகப் பிடிக்கச் செய்து மறுபடி அளக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் அளக்க வேண்டும். நிற்கும் இரண்டு கற்களையும் அளந்து இடைவெளி 16.6 வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் நிலையங்களிலிருந்து இணையம் வழியே திருத்தம் வாங்கினாலும் இந்தச் சோதனைகளை விட முடியாது. சூரியன் மறைந்த பிறகு அளக்கவே வேண்டாம். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், முன்னிரவில் அயனி மண்டலம் கலங்கி, பிடித்த எண்ணிக்கையும் நழுவும்.

எல்லாம் சரியாக வந்தாலும் கருவி தருவது அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான். தம்பியின் புலப்படத்தில் இருப்பதோ கல்லுக்குக் கல் தூரம், அதுவும் பத்து சென்டிமீட்டர் வரை எழுதியது. எந்தக் கருவி வந்தாலும் நிற்கும் கற்களிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். ஆகவே இந்த மனைக்கு நாடாவே போதும். தென்கிழக்குக் கல்லிலிருந்து 12.2 மீட்டரில் மேற்கே ஒரு வில், வடகிழக்குக் கல்லிலிருந்து 20.6 மீட்டரில் இன்னொரு வில். இரண்டும் வெட்டும் இடமே தென்மேற்கு மூலை. எஃகு நாடாவைத் தொய்வில்லாமல் மட்டமாகப் பிடியுங்கள். முதலில் கற்களின் இடைவெளியைச் சரிபாருங்கள், 16.6-க்குப் பதில் 16.9 வந்தால் ஒரு கல் நகர்ந்திருக்கிறது, மேலே போக வேண்டாம்.

மேற்கு எல்லை முழுவதும் நான்கு மீட்டர் நகர்ந்தால் 66 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை சென்ட்டுக்கு மேல் கை மாறும். செல்பேசிக் குறியைப் பக்கத்து வீட்டாரிடம் காட்டாதீர்கள்.

கோட்டக்குப்பம் சர்வே
நாடாவால் அளந்ததை நாளைக்கு அவர் ஏற்காவிட்டால்?

தாழங்குடா
ஆர்டிகேயால் அளந்ததையும் ஏற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அத்து காட்டச் சொல்லி மனுப் போட்டு, இருவர் முன்னிலையில் அரசு நில அளவையர் அளந்தால்தான் அது நிற்கும்.

நெல்லிக்குப்பத்தான்
கற்களின் இடைவெளி 16.6 சரியாக இருந்தது. வில் வெட்டிய இடம் அவருடைய வானத்தின் விளிம்புக்கு ஒரு முழம் உள்ளே வருகிறது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, வேலையை மட்டும் நிறுத்தியிருக்கிறார். மனுக் கொடுத்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.