கலைச்சொல்: 1/x^p-இல் p = 1 என்ற இடத்துக்கு என்ன பெயர்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வணக்கம். தமிழ் வழியில் பள்ளி முடித்துவிட்டு பி.எஸ்சி. கணிதம் சேர்ந்த பிள்ளைகளுக்கு இங்கே டியூஷன் எடுக்கிறேன். அவர்களுக்குக் குறிப்பு எழுதும்போது ஒரு சொல் இல்லாமல் நிற்கிறேன். 1/x^p-ஐ 0 முதல் 1 வரை தொகையிட்டால், p ஒன்றுக்குக் கீழே இருந்தால்தான் குவியும். 1 முதல் முடிவிலி வரை என்றால் p ஒன்றுக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டையும் பிரிக்கிற அந்த p = 1-ஐ என்னவென்று சொல்வது? ‘எல்லை அடுக்கு’ என்றால், ‘எல்லை’ ஏற்கெனவே லிமிட்டுக்குப் போய்விட்டது.

கோவிந்தாபுரத்திலிருந்து:

இதற்குத் தனிப்பெயர் எதற்கு டீச்சர்? 0-க்குப் பக்கத்தில் வளைவரை வானத்துக்கு ஏறுகிறது, அதனால் பரப்பு விரிகிறது. தூரத்தில் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால் குவிகிறது. பிள்ளைகளுக்கு இது போதும்.

நகரியிலிருந்து:

என் மகளுக்கும் இதே பாடம்தான். 1/x²-ஐ –1 முதல் 1 வரை தொகையிட்டு –2 என்று எழுதிவிட்டு வந்தாள், மார்க் இல்லை. விடையைச் சரிபார்த்தால் கணக்கு ஒழுங்காகத்தான் வருகிறது. ஏன் தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:

நகரி ஐயா, எங்குமே நேர்மதிப்பாக இருக்கிற சார்புக்குப் பரப்பு –2 வர வழியே இல்லை. நடுவில் இருக்கிற 0-ஐத் தாண்டிக் குதித்ததுதான் காரணம். அந்த இடத்தில் இரண்டாக உடைத்தால் ஒவ்வொரு பாதியும் விரிகிறது.

கோவிந்தாபுரம் தம்பி சொன்னதில் பாதி சரி. வளைவரை எவ்வளவு உயரம் போகிறது என்பதல்ல விஷயம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான். p = 1/2 எடுத்துக்கொள்ளுங்கள். 0.0001 முதல் 1 வரை பரப்பு 1.98. இன்னும் 0-வை நெருங்கினாலும் 2-ஐத் தாண்டாது. வானத்துக்கு ஏறியும் குவிகிறது. ஆனால் அதே சார்பை 1 முதல் 10,000 வரை தொகையிட்டால் 198. தரையோடு ஒட்டியும் விரிகிறது.

ஒரே p இரண்டு முனையிலும் ஏன் உதவாது என்பதைப் பிள்ளைகளுக்கு நான் இப்படிக் காட்டுவேன். x அச்சை இரட்டித்து இரட்டித்து வெட்டுங்கள்: 1 முதல் 2, 2 முதல் 4, 4 முதல் 8. இடப்பக்கம் ½ முதல் 1, ¼ முதல் ½. ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குப் போனால் அகலம் 2 மடங்கு ஆகிறது, உயரம் 2^p-ஆல் வகுபடுகிறது. ஆக, பரப்பு ஒவ்வொரு முறையும் 2^(1–p) மடங்கு. p = 2 என்றால் அது பாதி: வலப்பக்கம் 0.5, 0.25, 0.125 என்று இறங்கி, கூட்டினால் 1-இல் நிற்கும். அதே விகிதத்தில் இடப்பக்கம் திரும்பினால் 1, 2, 4 என்று ஏறியாக வேண்டும், வேறு வழி கிடையாது. p = 1/2-க்கு இதுவே தலைகீழ். ஒரு பெருக்குத் தொடர் ஒரு பக்கம் சுருங்கினால் மறுபக்கம் பெருகும். விகிதம் சரியாக 1 ஆவது p = 1-இல் மட்டும்தான். அங்கே ஒவ்வொரு துண்டும் 0.693, சுருங்குவதும் இல்லை பெருகுவதும் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் விரிகிறது.

பெயருக்கு வருகிறேன். ‘வரப்படுக்கு’ என்று வைக்கலாமா? இரண்டு வயலையும் பிரிக்கிற வரப்பு எந்த வயலுக்கும் சேராது. p = 1-ம் அப்படித்தான், இரு பக்கக் குவிதலிலும் சேராது.

கொல்லங்கோட்டிலிருந்து:

இயற்பியலில் ‘மாறுநிலை வெப்பநிலை’ என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல். ‘மாறுநிலை அடுக்கு’ என்றால் புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை. வரப்படுக்கு காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ‘வரம்படுக்கு’ என்று அச்சாகிவிடும். வரம்புக்கு வேறு பொருள் இருக்கிறது.

அப்புறம் ஒரு கேள்வி. 1/(√x(1+x))-ஐ 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் π வருகிறதே, அது எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து:

அது ஒரே அடுக்கு அல்ல சார். 0-க்குப் பக்கத்தில் x-ஐவிட 1 பெரியது, அதனால் 1/√x போல நடக்கிறது. தூரத்தில் 1-ஐவிட x பெரியது, அங்கே p = 3/2 போல. வழியில் ஒன்றைக் கடந்துவிடுகிறது. துண்டுகளின் விகிதம் ஒரே எண்ணாக இல்லாததால் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் இறங்க முடிகிறது.

மாறுநிலையில் எனக்கு ஒரு தயக்கம். வெப்பநிலையில் அதன் இரு பக்கமும் இருப்பது வேறு வேறு நிலை. இங்கே ஒன்றைக் கடந்தால் ஒரு முனை சரியாகி மறுமுனை கெடுகிறது. அந்த இடமாற்றம் சொல்லில் தெரிய வேண்டாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

துண்டு வெட்டும் முறையை நாளைக்கே கரும்பலகையில் போடுகிறேன். இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்க்கிறேன் சார். 1/(x(ln x)²) முடிவிலியில் குவிகிறது, அங்கே p ஒன்றுதான். மடக்கை ஒட்டிக்கொண்டால் வரப்பிலேயே நிற்க இடம் கிடைக்கிறது. அப்போதும் வரப்படுக்கு பொருந்துமா என்று நீங்களே சொல்லுங்கள்.