உதவி: இது அறக்கட்டளையா, கம்பெனியா? இன்று மாலைக்குள் பணம் கட்ட வேண்டும்

அவசரக்காரி
வணக்கம். தம்பியை ஒரு பயிற்சி மையத்தில் சேர்க்கப் போகிறோம். தாங்கள் ஓர் அறக்கட்டளை என்றும், இலாப நோக்கம் கிடையாது என்றும் சொல்கிறார்கள். கட்டணம் 48,000 ரூபாய். அதில் பாதியை நன்கொடையாக எழுதி, வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது தருவார்களாம். அப்பாவுக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. இது உண்மையிலேயே அறக்கட்டளைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாலை ஐந்து மணிக்குள் கட்டியாக வேண்டும்.

தெற்குவாசல்
பெயர் எப்படி முடிகிறது? பான் எண் இருக்கிறதா? யார் பெயரில் பணம் கட்டச் சொல்கிறார்கள்? எதுவுமே சொல்லவில்லையே அம்மா.

மணிமாறன்77
பெயரில் 'ஃபவுண்டேஷன்' இருந்தால் அறக்கட்டளைதான். இணையதள முகவரி .org என்று முடிகிறதா, பாருங்கள். அப்படியென்றால் தைரியமாகக் கட்டலாம்.

பழைய தணிக்கையாளர்
.org முகவரியைப் பணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பெட்டிக்கடைக்கும் கிடைக்கும். 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை அறக்கட்டளையும் வைத்துக்கொள்ளும், சங்கமும் வைத்துக்கொள்ளும், கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளும். வாசலில் மாட்டிய பலகையை வைத்துச் சட்டத் தகுதியைச் சொல்வது கிளி ஜோசியம். இந்தப் பதிலை நான் இங்கே எழுதுவது இது எத்தனையாவது தடவை என்று எனக்கே நினைவில்லை. கேள்வி கேட்பவர்கள் கையில் இருக்கும் காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

அவசரக்காரி
மன்னிக்கவும், பஸ்ஸில் இருக்கிறேன். பெயர் ஃபவுண்டேஷன் என்றுதான் முடிகிறது. விளம்பரத் தாளில் "பதிவு எண் 214/2016" என்று இருக்கிறது. நிதி ஆயோக்கில் பதிவு செய்யப்பட்டது என்றும் போட்டிருக்கிறார்கள். வேறு ஒன்றும் இல்லை.

தெற்குவாசல்
வெறும் 214/2016 என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளைப் பத்திரத்துக்கும் எண், ஆண்டு என்றுதான் இருக்கும். மாவட்டப் பதிவாளரிடம் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிந்த சங்கத்துக்கும் அப்படித்தான். எந்த அலுவலகம், எந்தச் சட்டம் என்று எழுதாத எண், ஊர் பெயர் இல்லாத அஞ்சல் முகவரி மாதிரி. நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் எண் வாங்கியிருந்தால் அது தொண்டு நிறுவனங்களின் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். அரசு தந்த நற்சான்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு முன் எப்போதாவது விண்ணப்பக் கட்டணம் கட்டினீர்களா? அதற்கு ஒரு பில் கொடுத்திருப்பார்களே. அதன் அடியில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா?

மணிமாறன்77
ஜிஎஸ்டி எண் இருந்தால் அது கம்பெனிதான். அறக்கட்டளைக்கு ஜிஎஸ்டி கிடையாது.

தெற்குவாசல்
அப்படியில்லை மணிமாறன். வரிக்குட்பட்ட சேவை செய்து வரம்பைத் தாண்டினால் அறக்கட்டளையும் பதிந்தாக வேண்டும். மண்டபம் வாடகைக்கு விடும் எத்தனையோ அறக்கட்டளைகளிடம் ஜிஎஸ்டி எண் இருக்கிறது. எண் இருக்கிறதா என்பதைவிட அதற்குள் என்ன எழுத்து இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

குடியிருப்போர் செயலாளர்
ஒரு சந்தேகம், நானும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. பான் எண்ணில் நான்காவது எழுத்து A. அப்படியென்றால் நாங்களும் 80ஜி ரசீது கொடுக்கலாமா? மின்தூக்கி மாற்ற நிதி திரட்டுகிறோம்.

பழைய தணிக்கையாளர்
முடியாது. சங்கமாகப் பதிந்திருப்பது வேறு, அறப்பணி நிறுவனமாக வருமான வரித்துறை ஏற்றிருப்பது வேறு. உங்கள் மின்தூக்கியில் ஏறப்போவது நீங்கள்தான், பொதுமக்கள் அல்ல. புதிய இழை தொடங்கிக் கேளுங்கள்.

அவசரக்காரி
வீட்டுக்கு வந்துவிட்டேன். விண்ணப்பத்துக்கு 500 ரூபாய் கட்டிய பில் கிடைத்தது. நன்கொடை ரசீதின் மாதிரி ஒன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள், அப்போது கவனிக்கவில்லை. முழு எண்ணைப் போடப் பயமாக இருக்கிறது, சில இடங்களை மறைத்துப் போடுகிறேன். முதல் வரி பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண், இரண்டாவது ரசீதில் உள்ள 80ஜி எண்.

```
33AA*C******1Z*
AA*T******F2021*
```

தெற்குவாசல்
இதுதான் வேண்டியிருந்தது. நிதானமாகப் பார்ப்போம்.

ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்து எழுத்தும் அப்படியே அவர்களுடைய பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து யாருடையது என்பதைச் சொல்லிவிடும். தனிநபருக்கு P, கூட்டாண்மைக்கு F, கம்பெனிக்கு C, அறக்கட்டளைக்கு T. சங்கங்களுக்கு A என்றோ T என்றோ இருக்கும். ஆகவே ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது எழுத்தைப் பார்த்தால் போதும். உங்கள் பில்லில் அது C.

புதிய முறையில் கொடுக்கப்படும் 80ஜி ஒப்புதல் எண்ணும் பான் எண்ணில்தான் தொடங்கும். அங்கே நான்காவது எழுத்து T.

ஒரே ஆளுக்கு இரண்டு பான் இருக்க முடியாது. உங்களிடம் பில் போட்டவரும் நன்கொடை ரசீது தரப்போகிறவரும் வேறு வேறு.

மணிமாறன்77
நான் சொன்னேன் அல்லவா, கம்பெனி என்று!

கடற்காற்று
நீங்கள் முதலில் அறக்கட்டளை என்றுதான் சொன்னீர்கள்.

பழைய தணிக்கையாளர்
தெற்குவாசல் சொன்னது பாதிதான். C என்ற எழுத்தைப் பார்த்ததும் வணிக நிறுவனம் என்று முடிவு கட்டக் கூடாது. 8-ஆம் பிரிவு நிறுவனத்துக்கும் C தான். அதுவும் கம்பெனிதான், பங்காதாயம் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்ற தடையோடு இருக்கும் கம்பெனி. எதிர்ப்பக்கமும் உண்டு. பேரப்பிள்ளைகளுக்காகச் சொத்தை எழுதி வைக்கும் குடும்ப அறக்கட்டளைக்கும் T தான் வரும். அதில் தர்மம் ஒரு துளியும் இல்லை. ஓர் எழுத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர்கள் இந்தத் துறையில் பெருகிவிட்டார்கள்.

அம்மா, அந்த பில்லில் 21 எழுத்து கொண்ட இன்னொரு எண் இருக்க வேண்டும். U அல்லது L என்று தொடங்கும். கம்பெனிகள் தங்கள் பில்லிலும் கடிதத்தாளிலும் அதை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அதைப் பாருங்கள்.

அவசரக்காரி
மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது ஐயா.

```
U*****TN2018PTC******
```

பழைய தணிக்கையாளர்
2018-இல் தமிழ்நாட்டில் பதிந்த பிரைவேட் லிமிடெட். ஆண்டுக்குப் பின்னால் வரும் மூன்று எழுத்தில்தான் விஷயம். 8-ஆம் பிரிவு நிறுவனமாக இருந்தால் அங்கே NPL என்று இருக்கும். PTC என்றால் சாதாரணத் தனியார் கம்பெனி, இலாபத்தைப் பங்குதாரர்கள் பிரித்துக்கொள்ளலாம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் பதிந்த மிகப் பழைய சிலவற்றில் NPL இல்லாமல் வேறு எழுத்து இருப்பதுண்டு, ஆனால் 2018-இல் பதிந்ததற்கு அந்தச் சாக்கு செல்லாது.

எண் மேல் நம்பிக்கை இல்லையென்றால் ஜிஎஸ்டி தளத்தில் Search Taxpayer பக்கத்தில் அந்த 15 எழுத்தையும் அடியுங்கள். Constitution of Business என்ற இடத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். அறக்கட்டளைக்கும் சங்கத்துக்கும் Society/ Club/ Trust/ AOP என்று வரும்.

கடற்காற்று
தர்ம ஸ்தாபனம் என்று சொல்லிக்கொண்டு 48,000 ரூபாய் கட்டணம் வாங்கினாலே அது தர்ம ஸ்தாபனம் இல்லை. இதற்கு எண்ணெல்லாம் எதற்கு? சம்பளம் வாங்கிக்கொண்டு என்ன தொண்டு?

தெற்குவாசல்
கட்டணம் வாங்குவதும் ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பதும் தடையில்லை. ஆண்டுக் கடைசியில் மிச்சம் இருந்தாலும் தவறில்லை. அந்த மிச்சம் யார் பைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. நோக்கத்துக்கே திரும்பிச் செலவானால் சரி, உறுப்பினர்கள் பங்கு போட்டால் சரியில்லை.

கடற்காற்று
எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். மிச்சத்தை அறங்காவலரின் சம்பளமாக எழுதிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

பழைய தணிக்கையாளர்
வருமான வரி அதிகாரி கேட்பார். அறங்காவலருக்கும் அவர் உறவினருக்கும் வேலைக்குத் தகாத தொகை போனால் அந்தத் தொகைக்கு விலக்கு போய்விடும். அந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதித்தான் என் தலைமுடி நரைத்தது.

கடற்காற்று
பிடிபட்டால்தானே.

தெற்குவாசல்
அதை வேறு நாள் பேசுவோம். அவசரக்காரி அம்மா, இரண்டு விஷயம். ஒன்று, வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு, பயிற்சிக்காகக் கட்டும் பணம் நன்கொடை ஆகாது. வகுப்பு கிடைக்கிறது, பணம் கொடுக்கிறீர்கள், அது கட்டணம். பாதியை நன்கொடை என்று எழுதினால் கணக்கில் பொய் சொல்வது அவர்கள் மட்டுமல்ல, அதை வைத்து வரிச்சலுகை கேட்கும் உங்கள் அப்பாவும்தான்.

அவசரக்காரி
கேட்டேன். வங்கிக் கணக்கு அகாடமி பிரைவேட் லிமிடெட் பெயரில். ஃபவுண்டேஷன் பெயரில் கேட்டால் "அது எங்கள் சகோதர நிறுவனம், இரண்டும் ஒன்றுதான்" என்கிறார்கள். ஜிஎஸ்டி தளத்திலும் பார்த்தேன், Private Limited Company என்று வந்தது. முகவரி ஒன்றேதான்.

மணிமாறன்77
அப்படியென்றால் ஏமாற்று வேலை. புகார் கொடுங்கள்.

தெற்குவாசல்
அவ்வளவு வேகம் வேண்டாம். ஒரே ஆட்கள் ஓர் அறக்கட்டளையும் ஒரு கம்பெனியும் நடத்துவது குற்றமில்லை. கம்பெனி நல்ல பயிற்சியே கொடுக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்று என்பது பொய். 48,000 ரூபாயும் கம்பெனிக்குப் போக, 24,000 ரூபாய்க்கு அறக்கட்டளை ரசீது கொடுத்தால், அந்த ரசீதுக்குரிய பணம் அறக்கட்டளைக்கு வரவே இல்லை.

பழைய தணிக்கையாளர்
முதல் முறையாக முழுசாகச் சரி. முழுத் தொகைக்கும் கம்பெனி பெயரில் வரிப் பில் கேளுங்கள். தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. 2016 பத்திரத்தின் நகலையும் கேட்கலாம், காட்ட மனமிருந்தால் காட்டுவார்கள். பதிவு அலுவலகத்தில் நீங்கள் போய்க் கேட்டால் கிடைக்காமல் போகலாம். அசையாச் சொத்து இல்லாத அறக்கட்டளைப் பத்திரம் நான்காம் புத்தகத்தில் ஏறும், அதன் நகல் எழுதிக் கொடுத்தவருக்கும் அதில் உரிமை உள்ளவருக்கும்தான்.

குடியிருப்போர் செயலாளர்
புதிய இழை தொடங்கிவிட்டேன். யாரும் வரவில்லை.

கடற்காற்று
ஐந்து மணி ஆகிவிட்டதே, அவர் கட்டினாரா?

அவசரக்காரி
கட்டவில்லை. முழுத் தொகைக்கும் பில் கேட்டதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகக் கட்ட வேண்டும் என்றார்கள். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். திங்கட்கிழமை அப்பா நேரில் போகிறார். நன்றி.