கால் அலைத் தகடும் அதன் பின்னால் நின்ற ஆடியும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நீள்வட்டம்:

இதை எழுதாமல் விட்டால் மனம் ஆறாது. 633 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், தளவிளைவாக்கி, அச்சை 45 பாகையில் நிறுத்திய கால் அலைத் தகடு, கற்றையைப் பக்கவாட்டில் திருப்ப ஓர் ஆடி, அதன் பிறகு மாதிரி. அமைப்பு அவ்வளவுதான். தகட்டை ஒட்டி ஆய்வியை வைத்துச் சுழற்றியபோது பவர் மீட்டர் 0.98 மில்லிவாட்டுக்கும் 1.02 மில்லிவாட்டுக்கும் இடையிலேயே நின்றது. வட்டத் தளவிளைவு கிடைத்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் இட்டேன்.

இரண்டு நாள் எடுத்த தரவு ஒன்றோடொன்று ஒத்துவராததால், மாதிரி இருக்கும் இடத்திலேயே ஆய்வியை வைத்துப் பார்த்தேன். அந்தக் கணம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது: ஆய்வியைத் திருப்பத் திருப்ப எண் 1.44 வரை ஏறி, மேலும் 90 பாகை திருப்பியதும் 0.48-க்கு இறங்கியது. மூன்றுக்கு ஒன்று. அது வட்டமே அல்ல.

நடுவில் இருந்தது அந்த ஆடி மட்டும்தான். ஆனால் அதை நான் முதல் நாளே சோதித்திருந்தேன். செங்குத்தான நேர்கோட்டுத் தளவிளைவை அனுப்பியபோது, ஆடிக்கு முன்னால் எவ்வளவு இருட்டு கிடைத்ததோ அதே இருட்டு பின்னாலும் கிடைத்தது. நேர்கோட்டைக் கெடுக்காத ஆடி வட்டத்தை மட்டும் எப்படிக் கெடுத்தது?

பழைய_தகடு:

எனக்கும் இதே கதை நடந்தது, குற்றவாளி தகடுதான். 780 நானோமீட்டருக்குச் செய்த கால் அலைத் தகட்டைப் பெட்டியின் மேலெழுத்தைப் பார்க்காமல் 633-இல் பொருத்தியிருந்தேன். அலைநீளம் குறைந்தால் அதே தகடு கூடுதல் கட்ட வேறுபாட்டைத் தரும். 90 பாகை தர வேண்டியது ஏறத்தாழ 111 பாகை தந்தது. ஆய்வியைச் சுழற்றினால் 2.1-க்கு 1 என்று ஆடும். நான் அதைக்கூடப் பார்க்கவில்லை. லேசருக்குள் ஒளி திரும்பாமல் தடுப்பதற்காகத்தான் அந்தத் தகட்டை வைத்திருந்தேன். தகட்டைக் கடந்து, நேரெதிரே உள்ள ஆடியில் பட்டு, மறுபடியும் தகட்டைக் கடக்கும் ஒளி 90 பாகை திரும்பிய நேர்கோடாக வந்து தளவிளைவாக்கியில் நின்றுவிட வேண்டும். எனக்கோ அதில் 13 விழுக்காடு லேசருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. லேசரின் வெளியீடு ஏன் துள்ளுகிறது என்று ஒரு வாரம் மின்வழங்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

எனவே என் ஆலோசனை இதுதான். முதலில் தகடு எந்த அலைநீளத்துக்கு உரியது என்று பாருங்கள். அடுத்து, அது ஒரே தடிமனான குவார்ட்ஸ் துண்டா, எதிரெதிராக ஒட்டிய இரண்டு துண்டுகளா என்று கேட்டறியுங்கள். 1 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் துண்டு 633-இல் கால் அலையை மட்டும் தருவதில்லை; ஏறத்தாழ 14 முழு அலைகளையும் அதன் மேல் ஒரு காலையும் தருகிறது. அந்தப் பதினான்கும் வெப்பத்தில் சிறிது மாறினாலே உங்கள் கால் நகர்ந்துவிடும். தகட்டைச் சற்றுச் சாய்த்தும் கட்ட வேறுபாட்டைத் திருத்தலாம். ஓர் அச்சைச் சுற்றிச் சாய்த்தால் கூடும், மற்றதைச் சுற்றிச் சாய்த்தால் குறையும். இவை எதுவும் முடியாவிட்டால் ஆடிக்குப் பின்னால் ஓர் அரை அலைத் தகட்டை வைத்துத் திருப்புங்கள். அது தளவிளைவைச் சுழற்றும். ஏதோ ஒரு கோணத்தில் நீள்வட்டம் வட்டமாகிவிடும்.

இருட்டறைக்காரர்:

பழைய தகடு அவர்களே, உங்கள் அனுபவம் உண்மை, உங்கள் கணக்கும் சரி. ஆனால் அவருடைய நிலை அதுவல்ல. தகட்டை ஒட்டி அளந்தபோது 0.98-க்கும் 1.02-க்கும் இடையில் நின்றது என்று அவரே எழுதியிருக்கிறார். தகடு தவறாக இருந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

உங்கள் கடைசி ஆலோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அரை அலைத் தகடு நீள்வட்டத்தை வேறு திசைக்குத் திருப்பும், அதன் சுழற்சியை இடவலமாக மாற்றும். ஆனால் அதன் பருமனையோ ஒடுக்கத்தையோ எந்தக் கோணத்திலும் தொடாது. மூன்றுக்கு ஒன்றாக நுழைந்தது மூன்றுக்கு ஒன்றாகவே வெளியே வரும்.

இனி ஆடிக்கு வருவோம். 45 பாகையில் படும் ஒளியில் படுதளத்துக்குள் அதிரும் கூறு ஒன்று, அதற்குச் செங்குத்தாக அதிரும் கூறு ஒன்று. பல்லடுக்குப் படல ஆடி இரண்டையும் ஏறத்தாழ முழுமையாகத் திருப்பி அனுப்பும், ஆனால் ஒரே கட்டத்தில் அனுப்பும் என்ற உறுதி இல்லை. சாதாரண ஆடியை விற்பவர்கள் எதிரொளிப்புத் திறனுக்குத்தான் பொறுப்பேற்கிறார்கள், கட்டத்துக்கு அல்ல. நீங்கள் செங்குத்து நேர்கோட்டை அனுப்பியபோது ஒரு கூறு மட்டுமே இருந்தது. பின்தங்குவதற்குத் துணையே இல்லாததால் ஆடி நல்லதாகத் தெரிந்தது. வட்டத்தில் இரண்டு கூறுகளும் சமமாக உள்ளன. மூன்றுக்கு ஒன்று என்ற உங்கள் அளவிலிருந்து பார்த்தால் ஆடி 30 பாகை கூடுதல் கட்ட வேறுபாட்டைச் சேர்க்கிறது. நேர்கோட்டைப் படுதளத்துக்கு 45 பாகையில் சாய்த்து அனுப்பியிருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம். உங்கள் இருட்டு 14-க்கு 1 என்ற அளவுக்கு வெளுத்திருக்கும்.

எளிய வழி, கால் அலைத் தகட்டை ஆடிக்குப் பின்னால் கொண்டுபோவது. இடமில்லை என்றால் ஆடி செய்யப்போகும் கேட்டை முன்கூட்டியே எதிர்த்திசையில் செய்து அனுப்ப வேண்டும். அரை அலைத் தகட்டுக்கு இங்கேதான் வேலை: தளவிளைவாக்கிக்கும் கால் அலைத் தகட்டுக்கும் நடுவில் அதை வையுங்கள். உங்கள் நேர்கோடு செங்குத்தாகவும் கால் அலைத் தகடு அதற்கு 45 பாகையிலும் இருப்பதால், கால் அலைத் தகட்டைத் தொடவே வேண்டாம். நேர்கோட்டை அதன் அச்சை நோக்கி 15 பாகை நகர்த்தினால் போதும். அரை அலைத் தகடு தான் திரும்பியதைப் போல இரு மடங்கு நேர்கோட்டைத் திருப்பும் என்பதால், அதை 7.5 பாகை திருப்பினால் சரி. தகட்டைவிட்டு இப்போது மூன்றுக்கு ஒன்று என்ற நீள்வட்டம் புறப்படும். ஆடி அதை வட்டமாக்கும். திருப்ப வேண்டிய பக்கம் எது என்பது ஆடியின் குறியைப் பொறுத்தது. தவறான பக்கம் திருப்பினால் 14-க்கு 1 ஆகும், பதற வேண்டாம்.

மூக்குக்கண்ணாடி:

இவ்வளவு கணக்கு எதற்கு? ஆடியில் பட்டால் வலச்சுழி இடச்சுழி ஆகிவிடும், அதனால்தான் மாதிரி வேறு விதமாக நடந்துகொண்டது. வட்டத் தளவிளைவுள்ள முப்பரிமாணத் திரைப்படக் கண்ணாடியை அணிந்து, நிலைக்கண்ணாடியின் முன் நின்று ஒரு கண்ணை மூடினேன். திறந்திருக்கும் கண்ணின் கண்ணாடி கன்னங்கரேலென்று தெரிந்தது, மூடிய கண்ணின் கண்ணாடி தெளிவாகத் தெரிந்தது! என் கண்ணை என்னாலேயே பார்க்க முடியவில்லை. நேர்கோட்டு வகைக் கண்ணாடியில் இது தலைகீழாக நடந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இருட்டறைக்காரர்:

நீங்கள் பார்த்தது அருமையான சோதனை, விளக்கமும் சரி. ஆனால் சுழற்சி மாறினால் ஆய்விக்குத் தெரியாது. இரண்டு சுழற்சிக்கும் எண் அசையாமலே நிற்கும். இவர் கேட்டது எண் ஏன் ஆடியது என்பது. தவிர, எது வலச்சுழி என்று முதலில் ஒத்துப்போக வேண்டும். ஒளிமூலத்தை நோக்கி நின்று பார்த்து நான் சொல்கிறேன்.

மூக்குக்கண்ணாடி:

ஒளி போகும் திசையில் பார்த்தல்லவா சொல்ல வேண்டும்? திருகாணியை அப்படித்தான் பார்க்கிறோம்.

புதுமாணவி:

சுழற்சி விவாதம் இருக்கட்டும். ஆய்வியில் எண் அசையவில்லை என்பதையே நம்பி நான் ஏமாந்தேன். என் ஒளி தடித்த ஒளியிழை ஒன்றின் வழியாக வந்துகொண்டிருந்தது. ஆய்வியைச் சுழற்றினேன், எண் அசையவில்லை, வட்டம் என்று அறிவித்தேன். வழிகாட்டி ஒன்றும் பேசாமல் இரண்டாவது கால் அலைத் தகடு ஒன்றை ஆய்விக்கு முன்னால் வைத்தார். வட்டமாக இருந்தால் அது நேர்கோடாகி, ஆய்வியின் ஏதோ ஒரு கோணத்தில் அணைந்திருக்க வேண்டும். எந்தக் கோணத்திலும் அணையவில்லை. இழைக்குள் எல்லாம் கலந்து, தளவிளைவே இல்லாத ஒளியாக வந்திருக்கிறது. அவர் தகட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நீள்வட்டம்:

இருட்டறைக்காரர் ஐயா சொன்னபடி செய்தேன். முதலில் தவறான பக்கம்தான் திருப்பினேன். எண் பாதாளத்துக்குப் போனது. நீங்கள் முன்கூட்டியே எழுதியிருக்காவிட்டால் அமைப்பையே கழற்றியிருப்பேன். மறுபக்கம் திருப்பியதும் 1.06-க்கு 1 ஆனது. புதுமாணவி சொன்ன சோதனையையும் ஆடிக்குப் பின்னால் செய்தேன், ஒளி நன்றாக அணைந்தது. ஆனால் பிற்பகலில் யாரும் தொடாமலே 1.15 ஆகிவிட்டது.

பழைய_தகடு:

பதினான்கு அலைகள் என்று நான் சொன்னேன் அல்லவா? அறை சூடாகியிருக்கும்.

இருட்டறைக்காரர்:

இருக்கலாம், இம்முறை நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆடியின் படலமும் மாறியிருக்கலாம். ஆடிக்கு முன்னால் அளந்து பிரித்தறியுங்கள். அங்கே விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். இந்த அமைப்பில் கால் அலைத் தகடு சில பாகைகள் பிசகினாலும் தகட்டை விட்டு வரும் நீள்வட்டத்தின் விகிதம் ஏறத்தாழ மூன்றாகவே இருக்கும். அதன் நீண்ட அச்சு மட்டும் திரும்பும். எனவே ஒளி உச்சத்தைத் தொடும் கோணத்தைக் காலையிலும் மாலையிலும் குறித்துக்கொள்ளுங்கள். தகடுதான் காரணம் என்றால் அந்தக் கோணம் 4 பாகை அளவுக்கு நகர்ந்திருக்க வேண்டும். நகரவே இல்லை என்றால் ஆடியைச் சந்தேகியுங்கள்.

நீள்வட்டம்:

பார்த்துவிட்டேன். 2 பாகை நகர்ந்திருக்கிறது. என் ஆய்வியின் வளையத்தில் 2 பாகைக்கு ஒரு கோடுதான் இருக்கிறது.