பொருள்: "Shared with me" பட்டியலுக்கும் "Add shortcut"-க்கும் தமிழில் என்ன சொல்வது?

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஆசிரியர்களுக்காக கூகுள் டிரைவ் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன், ஒரே பக்கத்தில் மூன்று நாளாக நிற்கிறேன்.

நடந்ததைச் சொன்னால் புரியும். ஒரு டீச்சருக்கு ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள் கோப்புறை ஒன்றைப் பகிர்ந்திருக்கிறார்கள். அன்றைக்குத் திறந்து பார்த்திருக்கிறார், நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டார். நவம்பரில் தேடினால் கிடைக்கவில்லை. அது எங்கேயும் போகவில்லை, Shared with me பட்டியலில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியல் பகிர்ந்த தேதிப்படி வருவது, நடுவில் வந்த சுற்றறிக்கை, வருகைப் பதிவேடு, யாரோ அனுப்பிய சுற்றுலாப் படங்கள் எல்லாம் மேலே ஏறி அதைக் கீழே தள்ளிவிட்டன. அவர் பட்டியலைக் கோப்புறை என்று நினைத்து உள்ளே அடுக்கப் பார்த்திருக்கிறார், அது முடியாது. கடைசியில் நான் கோப்புறைமேல் வலச்சொடுக்கு செய்து Organize, அப்புறம் Add shortcut என்று போய் அவருடைய My Drive-இல் "அறிவியல் 10" என்ற கோப்புறைக்குள் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது கேள்வி. பட்டியலுக்கு "என்னுடன் பகிரப்பட்டவை" என்று எழுதினேன், நீளமாக, செத்த மொழியாக இருக்கிறது. அந்தச் செயலுக்கு "குறுக்குவழி சேர்" என்று போட்டேன். டீச்சர் உடனே "கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி மாதிரியா சார்?" என்று கேட்டார்.

இரா. எழுதியது:

> குறுக்குவழி சேர்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விண்டோஸில் டெஸ்க்டாப்பில் வைக்கிறோமே, கீழ் மூலையில் சின்ன அம்புக்குறியோடு, அதுதானே? அதற்குக் குறுக்குவழி என்று இருபது வருடமாக எழுதுகிறோம், அப்படியே போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். வேறு சொல் கொண்டுவந்தால் இருப்பதும் போய்விடும்.

மு. எழுதியது:

இரா. சொல்வது விண்டோஸுக்குச் சரி. ஆனால் கிளவுடில் "சேர்" என்று எழுதினாலே எனக்குப் பயம். வேறொரு சேமிப்பகச் சேவையில் உறவினர் கல்யாணப் படங்கள் கோப்புறையைப் பகிர்ந்தார், நான் "சேர்" என்று அழுத்தினேன், அடுத்த நிமிஷம் என் இலவச இடம் நிரம்பிவிட்டது. படம் அவருடையது, இடம் என்னுடையது! ஆகவே இதைச் சேர்த்தால் இடம் போகும் என்று கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள். சொல்லாக "இணை" என்று வைக்கலாம்.

க. எழுதியது:

மு., நீங்கள் சொன்னது சில சேவைகளில் உண்மை, பகிர்ந்த கோப்புறை உறுப்பினர் ஒவ்வொருவர் கணக்கிலும் எடை ஏறும். கூகுள் டிரைவில் அப்படி இல்லை. கோப்பின் எடை உரிமையாளர் கணக்கில்தான், நீங்கள் வைப்பது வெறும் வழிகாட்டல், உங்கள் இடத்தைத் தின்னாது. கையேட்டில் தப்பாகப் போட்டுவிடாதீர்கள். "இணை" வேண்டாம், மின்னஞ்சல் இணைப்பு, வலை இணைப்பு, இணைய இணைப்பு என்று அது ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கிறது.

"சேர்" என்ற சொல் எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். முன்பு டிரைவில் Add to My Drive என்றுதான் இருந்தது. அப்போது ஒரே கோப்பு இரண்டு மூன்று கோப்புறைகளில் நிஜமாகவே ஒரே நேரத்தில் இருக்கும், அதனால் சேர்ப்பது என்பது பொருந்தியது. 2020 செப்டம்பர் 30-க்குப் பிறகு ஒரு கோப்புக்கு ஒரே ஒரு இடம்தான், மற்ற இடங்களில் நீங்கள் வைப்பது அதைக் காட்டும் வேறொரு சின்னப் பொருள். உள்ளே பார்த்தால் அதற்குத் தனி வகையே உண்டு:

```
mimeType: application/vnd.google-apps.shortcut
shortcutDetails.targetId
```

அது கோப்பு கிடக்கும் பாதையைக் குறித்துவைப்பதில்லை, கோப்பின் அடையாள எண்ணைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே உரிமையாளர் தன் பக்கத்தில் கோப்பை வேறு கோப்புறைக்கு மாற்றினாலும் உங்களுடையது திறக்கும். இரா. சொல்லும் குறுக்குவழி பாதை குறைவு என்ற எண்ணத்தைத் தருகிறது. இங்கே நடப்பது பாதை குறைவதில்லை, பொருள் இருக்குமிடத்தை இன்னோர் இடத்திலிருந்து சுட்டுவது.

என் பரிந்துரை கைகாட்டி. ஊர் முனையில் நிற்கும் கைகாட்டி மரம் எல்லோருக்கும் தெரியும். "அறிவியல் 10-இல் கைகாட்டி வை." "கைகாட்டியை நீக்கினாலும் கோப்பு போகாது." டீச்சர் இரண்டாவது வாக்கியத்தை விளக்கம் இல்லாமல் புரிந்துகொள்வார், கைகாட்டியைப் பிடுங்கினால் ஊர் அழியாது. குறுக்குவழியை நீக்கினால் என்று எழுதினால் அந்தத் தெளிவு வராது.

இன்னொன்று, இந்தச் சொல் "நகர்த்து" என்பதோடு குழம்பவே கூடாது. திருத்த அனுமதி உள்ள ஒருவர் பகிர்ந்த கோப்புறைக்குள் இருக்கும் கோப்பை இழுத்துத் தன் My Drive-இல் போட்டால் அது நகர்ந்தே விடும். எச்சரிக்கை வரும்தான், யார் படிக்கிறார்கள்? அப்புறம் மற்ற நாற்பது பேர் "கோப்பைக் காணோம்" என்று நிற்பார்கள்.

இரா. எழுதியது:

கைகாட்டி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊர் இடம் மாறினால் கைகாட்டி பழைய திசையைத்தானே காட்டும்? நீங்களே சொன்னீர்கள், கோப்பு இடம் மாறினாலும் திறக்கும் என்று. அப்படியானால் அது மாட்டின் பிடிகயிறு! மாடு எங்கே மேய்ந்தாலும் கயிறு கையில்.

க. எழுதியது:

:) கயிறு பிடித்தவன் மாட்டை இழுக்கலாமே, இங்கே இழுக்க முடியாது. ஆனால் உங்கள் ஆட்சேபம் நியாயமானது, எனக்கு அதற்குப் பதில் இல்லை.

செ. எழுதியது:

மாடு பேச்சில் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மாட்டை விற்றுவிட்டால் கையில் கயிறு மட்டும்தான். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் உரிமையாளர் பணி ஓய்வு பெற்றார், அவர் கணக்கை நீக்கினார்கள், மறுவாரம் எல்லோருடைய டிரைவிலும் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது, திறந்தால் ஒன்றும் இல்லை. பெயரைப் பார்த்து இருக்கிறது என்று நம்பியவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். ஆகவே "கைகாட்டி வைத்தால் தேட எளிது, ஆனால் கோப்பு உங்களுடையது ஆகாது, வருடத்துக்கு வேண்டியதை நகலெடுத்து வையுங்கள்" என்று ஒரு வரி போடப்போகிறேன். "கைகாட்டி" இந்த வரியில் தானாகவே உட்காருகிறது, "குறுக்குவழி" போட்டுப் பார்த்தேன், உட்காரவில்லை.

வா. எழுதியது:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். கணினியில் நிறுவும் டிரைவ் செயலியில் எனக்குப் பகிர்ந்தது எதுவுமே தெரிவதில்லை, என் டிரைவ் மட்டும்தான் தெரிகிறது. இதற்கும் கைகாட்டியா?

க. எழுதியது:

ஆமாம், அதுதான் காரணம். Shared with me பட்டியல் அந்தச் செயலியின் கோப்பு அடுக்கில் வருவதில்லை. உலாவியில் போய் வேண்டிய கோப்புறைக்கு My Drive-இல் கைகாட்டி வைத்தீர்களானால், ஒத்திசைவு முடிந்ததும் கணினியிலும் தெரியும். ஆனால் அந்தக் கைகாட்டி இருக்கும் கோப்புறையை நீங்கள் இன்னொருவருக்குப் பகிர்ந்தால் அவருக்குக் கைகாட்டிதான் தெரியும், உள்ளே போக அவருக்குத் தனியாக அனுமதி வேண்டும்.

பட்டியலின் பெயரைப் பற்றி: "பகிரப்பட்டவை" வேண்டாம், யார் பகிர்ந்தது, யாருக்கு என்று இரண்டு பக்கமும் பொருள் வரும், நான் அடுத்தவருக்குப் பகிர்ந்ததையும் அது குறிக்கலாம். எனக்கு வந்தவை என்று வையுங்கள். தபால் மாதிரி வந்து குவிவதையும் அது காட்டுகிறது.

மு. எழுதியது:

"எனக்கு வந்தவை" மின்னஞ்சல் உள்பெட்டி மாதிரி இல்லையா?

செ. எழுதியது:

இருக்கிறது. இருந்தாலும் போட்டுவிட்டேன், உள்பெட்டி மாதிரி நினைத்தால் குவியும் என்பதாவது தெரியும். பட்டியல் "எனக்கு வந்தவை", செயல் "கைகாட்டி வை". திரையில் பொத்தான் ஆங்கிலத்தில் இருப்பவர்களுக்காகப் பக்கத்தில் படம் வைக்கிறேன். சனிக்கிழமை அந்த டீச்சரிடமே கையேட்டைக் கொடுத்து, நான் வாய் திறக்காமல் உட்கார்ந்து பார்க்கிறேன். கைகாட்டி என்பதைப் பார்த்து "டிரைவில் ரயில் எங்கே சார்?" என்று கேட்டால் இரா.-வின் கயிற்றுக்கு வருகிறேன்.