விசிட்டர் பார்க்கிங்கில் விட்ட காருக்குப் பூட்டு: சங்கத்துக்கு உரிமை உண்டா?

மூணாவது மாடி: சென்னையில் 50 வீடுகள் உள்ள குடியிருப்பு. நேற்று லிஃப்ட் பக்கத்தில் சங்கத்தின் நோட்டீஸ்: “பொது வழியை மறித்தாலோ, விசிட்டர் இடத்தில் குடியிருப்போர் கார் நின்றாலோ 1,000 ரூபாய் அபராதம், சக்கரத்துக்குப் பூட்டு.” என் இரண்டாவது காரை ராத்திரி பத்துக்கு மேல் விசிட்டர் இடத்தில்தான் விடுகிறேன். அந்நேரத்தில் எந்த விருந்தாளி வரப்போகிறார்? பூட்ட இவர்கள் யார்?

பங்குதாரர்: உரிமையே கிடையாது. யூ.டி.எஸ். என்று நிலத்தில் உங்களுக்கு இருக்கும் பிரிக்கப்படாத பங்கில் அந்த இடமும் சேர்த்தி. திறந்தவெளி பார்க்கிங்கை பில்டரே விற்க முடியாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாராளமாக விடுங்கள்.

முன்னாள் செயலாளர்: தீர்ப்பு உண்மைதான், அதை வைத்து நீங்கள் சொல்வது தப்பு. அது மும்பை வழக்கு, பொது இடத்தை பில்டர் தனியாக விற்கக் கூடாது என்பதுதான் விஷயம். 50 வீட்டுக்கும் பொதுவான இடத்தில் தினமும் ஒரே கார் நின்றால் அப்புறம் அது எப்படிப் பொது?

நோட்டீஸிலும் கோளாறு இருக்கிறது சார். அபராதம் பைலாவில் இருக்க வேண்டும், பொதுக்குழு ஏற்றிருக்க வேண்டும், கமிட்டி நாலு பேர் கூடி ஒட்டிய காகிதம் போதாது. மினிட்ஸ் கேட்டுப் பாருங்கள்.

பூட்டு நானும் வாங்கினவன்தான். வழியை மறித்த ஒரு காருக்கு ராத்திரி போட்டோம், காலை ஐந்தரைக்குத் தண்ணீர் லாரி வந்தது, அவரோ கோபத்தில் ஆட்டோ பிடித்து ஆபீஸ் போய்விட்டார். நகர்த்த வேண்டிய காரை நாங்களே வழியில் கட்டிப்போட்டிருந்தோம், லாரி திரும்பிப் போனது, சாயங்காலம் வரை யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை. போலீஸுக்குப் போகலாம் என்றால், ஒருவர் போக உரிமையுள்ள பக்கம் போகவிடாமல் தடுப்பது குற்றவியல் சட்டமான பி.என்.எஸ்.-இன் 126-ஆம் பிரிவு, அதை வழியை மறித்தவர் மேலும் சொல்லலாம், பூட்டின எங்கள் மேலும் சொல்லலாம்.

கேட் வாசல்: எங்கள் கேட்டை மண்டபத்துக்கு வருகிறவர்கள் மறிக்கிறார்கள். அந்தப் பூட்டு எங்கே கிடைக்கும்?

முன்னாள் செயலாளர்: அது தெரு மேடம், டிராஃபிக் போலீஸைக் கூப்பிடுங்கள். பூட்டைத் தொடாதீர்கள்.

இரண்டாம் பிளாக்: ராத்திரி யார் வருவார் என்று கேட்டீர்களே? படுக்கையில் இருக்கும் என் அப்பாவைப் பார்த்துக்கொள்பவர் இரவு பதினொன்றுக்கு வந்து காலை எட்டுக்குப் போகிறார். இடமில்லாமல் தெருவில் விட்டதில் அவர் பைக்கில் பெட்ரோலே திருடுபோனது.

மூணாவது மாடி: அவருக்காக நகர்த்தித் தருகிறேன், வாட்ஸாப்பில் சொல்லுங்கள்.

இரண்டாம் பிளாக்: ராத்திரி பதினொன்றுக்கு நான் ஒவ்வொரு காராகத் தேட வேண்டுமா?

முன்னாள் செயலாளர்: எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது வாட்ச்மேன் நோட்டு. வண்டி எண், எந்த வீட்டுக்கு, வந்த நேரம், போன நேரம். ஒரே எண் வாரத்தில் நாலு ராத்திரி வந்தால் அது விருந்தாளி இல்லை. கார் இல்லாத வீட்டுக்காரரிடம் அவர் இடத்தை வாடகைக்குக் கேளுங்கள் சார்.

மூணாவது மாடி: கேட்டேன், மாதம் 2,000 என்கிறார். அதையும் யோசிக்கிறேன். முதலில் மினிட்ஸ் வரட்டும், அதுவரை கார் அங்கேதான்.