பழைய லேப்டாப்: என்ன விலை சொல்வது, முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கொடுப்பது?

மழைத்துளி:
ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய லேப்டாப்பை விற்கிறேன். ஐ5 பத்தாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, மற்றபடி குறை இல்லை. வாங்கிய விலையில் பாதி என்று விளம்பரம் போட்டேன். சரிதானா? இதற்குள் ஒருவர், பார்க்காமலே முழு விலையும் தருகிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கணக்கன்:
பாதி ரொம்ப அதிகம். வருடத்துக்கு 20 சதவீதம் கழித்துக்கொண்டே வாருங்கள். 100-க்கு வாங்கியது ஐந்து வருடத்தில் 33 ஆகிவிடும். அதிலும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதனால் இன்னும் இறக்கிச் சொல்ல வேண்டும். 25 கேளுங்கள், அன்றைக்கே போய்விடும். முழு விலைக்கு ஒருவர் வருகிறார் என்றால் யோசிக்காமல் கொடுங்கள். ஒரு ஃபார்மட் அடித்தால் வேலை முடிந்தது.

திருகாணி:
கணக்கன் சார், உங்கள் 33 உண்மை விலைக்குப் பக்கத்தில் வரலாம், ஆனால் வழி சரியில்லை. வாங்க வருகிறவருக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை. அதே வகை லேப்டாப் இந்த மாதம் எத்தனைக்குக் கைமாறுகிறது என்பதுதான் விலை. விண்டோஸ் விஷயமும் பாதிதான் சரி. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்து பெரும்பாலான சில்லுகள் ஏற்கப்படுகின்றன. அடிபட்டது ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும். இது பத்து. விற்பதற்கு முன் 11-க்கு ஏற்றிவிட்டால் அந்தக் கழிவே தேவையில்லை.

மழைத்துளி, விளம்பரத்தில் போட்டிருக்கும் விலைகளை நம்பாதீர்கள். அவை விற்பவர்களின் ஆசை. ஈபே மாதிரித் தளத்தில் `Sold items` என்ற வடிகட்டி இருக்கிறது, அதில் விற்றுப்போனவை மட்டும் தெரியும். அந்த வசதி இல்லாத தளத்தில் உங்கள் மாடலுக்கான ஏழெட்டு விளம்பரங்களைச் சேமித்து வைத்துப் பாருங்கள். எந்த விலையில் இருந்தவை சீக்கிரம் காணாமல் போகின்றன, எவை வாரக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் பேட்டரி. "சீக்கிரம் இறங்குகிறது" என்று எழுதினால் வருகிறவர் செத்த பேட்டரி என்றே கணக்கு வைப்பார். கமாண்ட் ப்ராம்ப்டில் இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

அது ஒரு கோப்பைச் சேமித்து, எங்கே இருக்கிறது என்றும் காட்டும். அதில் `DESIGN CAPACITY`, `FULL CHARGE CAPACITY` என்ற இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள்.

நிலாமுற்றம்:
பழைய லேப்டாப் வாங்கும்போது ரொம்ப ஜாக்கிரதையாக இருங்கள் மழைத்துளி. நான் ஒருவரிடம் வாங்கினேன். ஒரு நிறுவனம் கழித்துக்கட்டிய லேப்டாப் அது. நன்றாகத்தான் ஓடியது. வீட்டில் முழுதாக ரீசெட் செய்து வைஃபை கொடுத்ததும், அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டு அவர்களுடைய ஆபீஸ் மின்னஞ்சலைக் கேட்டது. விற்றவர் போனையே எடுக்கவில்லை.

வேப்பமரம்:
அவர் விற்கிறார் அம்மா, வாங்கவில்லை.

திருகாணி:
ஆனாலும் அக்கா சொன்னது விற்பவருக்கும் வேண்டியது. அந்த லேப்டாப்பின் அடையாளம் நிறுவனத்தின் நிர்வாகப் பட்டியலில் இருக்கும். எத்தனை முறை அழித்தாலும், புதிதாகத் தொடங்கி இணையத்தில் சேர்ந்ததும் அங்கே போய் நிற்கும். அதை நிறுவனம்தான் நீக்க முடியும். மழைத்துளி, உங்களுடையது வேலை பார்த்த இடத்தில் கிடைத்ததா, கடையில் வாங்கியதா?

மழைத்துளி:
கடையில் நானே வாங்கியது, பில் இருக்கிறது. பேட்டரி எண்கள்: முதலாவது 45,000, இரண்டாவது 26,100. விற்றுப்போன விளம்பரங்களையும் பார்த்தேன். புது விலையை 100 என்று வைத்தால், 45-க்கும் 50-க்கும் போட்டவை அப்படியே கிடக்கின்றன. போனவை 36-லிருந்து 40-க்குள்.

திருகாணி:
அப்படியென்றால் பேட்டரி 58 சதவீதம். சரி, கணக்குப் போடலாம். போனவற்றின் நடு விலை 38. உங்கள் மாடலுக்குப் புது பேட்டரியும் மாற்றும் கூலியும் எவ்வளவு என்று கேளுங்கள். பேச்சுக்கு 5 என்று வைப்போம். 38-இல் 5 போனால் 33, அதுதான் கையில் வர வேண்டிய தொகை. விளம்பரத்தில் 36 போடுங்கள், பேரம் பேச இடம் வேண்டும். 31-க்குக் கீழே இறங்குவதில்லை என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நேரில் ஒருவர் காசை நீட்டும்போது யோசித்தால் மனசு இறங்கிவிடும். 58 என்ற எண்ணை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். முன்பே சொன்ன குறைக்கு ஒருமுறைதான் விலை குறையும். வந்த இடத்தில் அவர் கண்டுபிடித்தால், வேறு என்னவெல்லாம் மறைத்திருக்கிறீர்களோ என்று இன்னொரு முறையும் குறைப்பார்.

கணக்கன்:
புது பேட்டரி போட்டே விற்றால் 38 முழுதாக வருமே?

திருகாணி:
போட்ட 5 திரும்ப வந்தால் பெரிது. அது தரமான பேட்டரிதானா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? பேட்டரி உப்பி டச்பேட் தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் கட்டாயம் கழற்ற வேண்டும். அது விலைக்காக இல்லை, தீப்பிடிக்கும் ஆபத்துக்காக.

வேப்பமரம்:
விலையை விடுங்கள். அந்த "ஆள் அனுப்புகிறேன்" பேர்வழியைப் பற்றி யாரும் பேசவில்லையே? பார்க்காமல், பேரம் பேசாமல், கேட்டதை அப்படியே தருகிறேன் என்பவர் லேப்டாப் வாங்க வரவில்லை. அடுத்து பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் வரும். இல்லையென்றால் "தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், லேப்டாப்பை எடுக்க வருகிற ஆளிடம் மீதியைக் கொடுங்கள்" என்பார். மீதியைக் கொடுத்த பிறகு பார்த்தால் முதல் பணமே வந்திருக்காது, அல்லது வந்தது திரும்பப் போயிருக்கும்.

மழைத்துளி:
நீங்கள் உண்மையான ஆள்தானா என்று பார்க்கிறேன், உங்கள் எண்ணுக்கு ஒரு குறியீடு வரும், அதைச் சொல்லுங்கள் என்று இப்போது கேட்கிறார்.

திருகாணி:
சொல்லாதீர்கள். அது உங்கள் எண்ணை வைத்து அவர் வேறு ஏதோ கணக்கு திறக்கவோ, உங்கள் கணக்கில் நுழையவோ வருகிற குறியீடு. லேப்டாப் விற்பதற்கு எந்தக் குறியீடும் தேவையில்லை. பணம் வாங்குவதற்கு உங்கள் ரகசிய எண்ணும் தேவையில்லை. அவரைத் தடை செய்துவிடுங்கள்.

வேப்பமரம்:
ரொக்கம் மட்டும் வாங்குங்கள், வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். நிதானமாகச் சோதித்துப் பார்க்க வீடுதான் வசதி. எஸ்எஸ்டியைக் கழற்றி நொறுக்கிவிட்டு மீதியை விற்றுவிடுங்கள். தரவு விஷயத்தில் யாரையும் நம்பக் கூடாது.

நிலாமுற்றம்:
வீட்டுக்கு வேண்டாம். விலாசம் தெரிந்துவிட்டால், நாளைக்குத் திரை மினுக்குகிறது என்று கதவைத் தட்டுவார்கள். வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

திருகாணி:
இடத்தில் நான் அக்கா பக்கம். பகலில், ஆள் நடமாட்டமும் மின் இணைப்பும் உள்ள இடம். வங்கிக் கிளையாக இருந்தால் ரொக்கத்தை அங்கேயே கட்டலாம், கள்ள நோட்டா என்ற கவலை போய்விடும். வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புகிறார் என்றால் உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து இருப்பில் ஏறியதா பாருங்கள். குறுஞ்செய்தியைப் பார்த்து நம்ப வேண்டாம், அதைப் போலியாக அனுப்ப முடியும். கார்டு வழியாக வருகிற பணம் ஏறியிருந்தாலும், வாங்கியவர் பிறகு புகார் கொடுத்துத் திரும்பப் பெற வழி இருக்கிறது. முகம் தெரியாதவரிடம் அதை நான் வாங்க மாட்டேன்.

எஸ்எஸ்டியை நொறுக்குவது எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாத லேப்டாப்பில் விண்டோஸைத் திறந்து காட்ட முடியாது, 33 எங்கேயோ இறங்கிவிடும். அதற்காக ஃபார்மட் மட்டும் போதும் என்பதும் தப்பு. `Quick Format` செய்த வட்டிலிருந்து கோப்புகளை மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. மேலே மேலே எழுதி அழிப்பதும் எஸ்எஸ்டியில் நம்பகமில்லை. எங்கே எழுதுவது என்பதை அதன் கட்டுப்பாட்டுச் சில்லுதான் தீர்மானிக்கும், பழைய துண்டுகள் வேறு இடத்தில் தங்கிவிடலாம். தரவைக் குறியாக்கம் செய்து பூட்டி, பிறகு அந்தச் சாவியை அழிப்பதுதான் நல்ல வழி. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
manage-bde -status
```

`Conversion Status` என்ற வரியில் `Fully Encrypted` என்று வந்தால் நிம்மதி. `Used Space Only Encrypted` என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குறியாக்கம் முதல் நாளிலிருந்தே இருந்தால் பரவாயில்லை. நடுவில் தொடங்கியிருந்தால், அதற்கு முன் நீங்கள் நீக்கிய கோப்புகளின் மிச்சம் பூட்டப்படாமலே இருக்கலாம்.

மழைத்துளி:
`Fully Decrypted` என்று வருகிறது.

திருகாணி:
அப்படியென்றால் குறியாக்கமே இல்லை. தேவையானதை வேறு வட்டில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இருந்தால் முழு வட்டுக்கும் போட்டு முடியும்வரை காத்திருங்கள். பிறகு `Reset this PC`, அதில் `Remove everything`, அதற்குள் `Change settings` போய் `Clean data?` என்பதை `Yes` ஆக்குங்கள். பல மணி நேரம் எடுக்கலாம், சார்ஜரைச் செருகியே வையுங்கள். பிட்லாக்கர் இல்லாத ஹோம் பதிப்பு என்றாலும் `Clean data?` மட்டும் சாதாரண வாங்குபவருக்குப் போதும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் இதை நீக்குங்கள். பயாஸ் கடவுச்சொல் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

கணக்கன்:
எல்லாம் அழித்து முதல் திரையில் நிற்கிற லேப்டாப்பை வாங்குகிறவர் எப்படிச் சோதிப்பார்?

திருகாணி:
நல்ல கேள்வி. அவரையே அங்கே தொடங்கச் சொல்லுங்கள். அவருடைய போன் ஹாட்ஸ்பாட், அவருடைய கணக்கு. நிறுவனப் பூட்டு எதுவும் இல்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், நிலாமுற்றம் அக்காவுக்கு நடந்தது நடக்காது. கீபோர்டு, கேமரா, ஸ்பீக்கர், யூஎஸ்பி துளைகள், சார்ஜ் ஏறுகிறதா என்பதை எல்லாம் அவர் பார்த்த பிறகு பணம், பணம் ஏறிய பிறகு லேப்டாப். சீரியல் எண், தேதி, தொகை, "சோதித்துப் பார்த்து உள்ளபடியே வாங்கினேன்" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பில் நகல் கொடுக்கும்போது உங்கள் விலாசத்தை மறைத்துவிடுங்கள்.

வேப்பமரம்:
வரிக் கணக்கும் அடையாளச் சான்று நகல்களும் வைத்திருந்த எஸ்எஸ்டியை நான் இன்னும் கொடுக்க மாட்டேன். சின்னதாகப் புது எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, விண்டோஸ் ஏற்றி விற்கட்டும். பழையது உறையில் போட்டால் வெளி வட்டாக அவருக்கே பயன்படும்.

திருகாணி:
அதற்கு நான் மறுப்பு சொல்ல மாட்டேன், செலவு மட்டும்தான் கேள்வி. விளம்பரத்தில் 512 என்று போட்டதை மாற்ற மறக்க வேண்டாம். சில லேப்டாப்களில் சேமிப்பகம் போர்டோடு ஒட்டியே வரும், அங்கே இந்த வழி இல்லை.

மழைத்துளி:
என்னுடையது கழற்றக்கூடியதுதான். அந்த ஆளைத் தடை செய்துவிட்டேன், விளம்பரத்தை 36-க்கு மாற்றி, பேட்டரி 58 சதவீதம் என்றும் எழுதிவிட்டேன். பழைய எஸ்எஸ்டியை வைத்துக்கொண்டு 256-இல் ஒன்று போட்டால் 33-இல் எவ்வளவு குறைப்பது?

கணக்கன்:
இரண்டுக்கும் கடையில் உள்ள விலை வித்தியாசத்தைக் குறையுங்கள்.

திருகாணி:
நான் அப்படிச் செய்ய மாட்டேன். 256 ஜிபி உள்ள அதே மாடல் எத்தனைக்குப் போனது என்று திரும்பவும் விற்றவற்றைத்தான் பார்ப்பேன்.