ஆதாரம் தாமதமானதால் பிப்ரவரிச் சம்பளத்தில் 29,615 ரூபாய் வரிப் பிடித்தம்: நிறுவனத்துக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

மடிப்பாக்கம்வாசி (5 மார்ச் 2025)

வணக்கம். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணி, மாதச் சம்பளம் 90,000 ரூபாய். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஏப்ரல் முதல் ஜனவரி வரை மாதம் 5,053 ரூபாய்தான் வரி பிடித்தார்கள். பிப்ரவரிச் சம்பளச் சீட்டைத் திறந்தபோது அதே இடத்தில் 29,615 என்று இருந்தது. மார்ச்சிலும் இதே தொகை பிடிப்பார்களாம்.

வரிக் கழிவுக்கான ஆதாரங்களை நிறுவனத்திடம் பதிவேற்ற ஜனவரி 31 கடைசி நாள். காப்பீட்டு ரசீதும் மகளின் பள்ளிக் கட்டண ரசீதும் டிசம்பரிலேயே கையில் இருந்தன. வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டு உரிமையாளரின் பான் எண் தேவைப்பட்டது. அவர் கோவையில் மகள் வீட்டில் இருந்தார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். பான் எண் வந்தது பிப்ரவரி 6. அன்றே மின்னஞ்சலில் அனுப்பினேன், பதில் இல்லை.

"தவறாகப் பிடித்த வரியை உடனே திருப்பித் தரவும்" என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இது சரியா? பள்ளியில் அடுத்த ஆண்டுக் கட்டணம் ஏப்ரல் 10-க்குள் கட்ட வேண்டும். அதனால்தான் பதற்றம்.

செந்தில்_வேலூர்

முதலீட்டைத் தாமதமாகச் செய்தால் இப்படித்தான். இன்னும் மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது, பி.பி.எஃப். கணக்கில் பணம் போடுங்கள்.

மடிப்பாக்கம்வாசி

முதலீடு தாமதமாகவில்லை ஐயா. பணமெல்லாம் உரிய காலத்தில் கட்டியாகிவிட்டது, ரசீதுகளைக் கொடுத்ததுதான் தாமதம்.

நேர்மை_நாடி

நிறுவனம்தான் திருப்பித் தர வேண்டும். வரித் துறையின் டிரேசஸ் தளத்தில் 26பி என்ற படிவம் இருக்கிறது. கூடுதலாகக் கட்டிய பிடித்தத்தை நிறுவனமே அதன் மூலம் கேட்டு வாங்கலாம். விடாதீர்கள்.

சம்பளக்_கணக்கர்

பதினெட்டு ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருக்கிறேன். நண்பர் சொன்ன படிவம் உண்மையில் உண்டு. ஆனால் அது நிறுவனம் கட்டிய தொகையில் யாருடைய பிடித்தத்துக்கும் எடுத்துக்கொள்ளப்படாமல் மீதி நிற்கும் பணத்துக்கு. இவருடைய பிப்ரவரிப் பிடித்தம் இவருடைய பான் எண்ணின் மேல் கணக்காகப்போகிறது. அந்தப் பணத்துக்கு 26பி உதவாது.

சகோதரி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளம், வாடகை, காப்பீடு எவ்வளவு?

மடிப்பாக்கம்வாசி

அடிப்படை 45,000, வீட்டு வாடகைப் படி 18,000, நான் கொடுக்கும் வாடகை 15,000. பி.எஃப்., காப்பீடு, பள்ளிக் கட்டணம் சேர்ந்து 80சி-யில் ஒன்றரை லட்சம் நிரம்பிவிடுகிறது. மருத்துவக் காப்பீடு 25,000.

சம்பளக்_கணக்கர்

ஆண்டுச் சம்பளம் 10,80,000. நிலைக் கழிவு 50,000, வாடகைக்கான விலக்கு 1,26,000, 80சி-யில் 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000. இவை போனால் மிச்சம் 7,29,000. தொழில் வரியைச் சேர்க்காமல், செஸ்ஸோடு உங்கள் உண்மையான வரி சுமார் 60,630. ஆதாரம் வராததால் நிலைக் கழிவையும், அவர்கள் கணக்கிலேயே இருக்கும் பி.எஃப். 64,800-ஐயும் மட்டும் கழித்து, வரியை 1,09,760 ஆக்கியிருக்கிறார்கள். ஜனவரி வரை பிடித்த 50,530 போக மீதியை இரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் சரியாக 29,615 வருகிறது. ஆகவே பிடித்தம் "தவறு" இல்லை. கையில் இருந்த ஆதாரத்தை வைத்துச் சரியாகவே போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கடிதத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்தவுடன் பதில் தற்காப்பாகத்தான் வரும்.

பிப்ரவரி வரை உங்களிடம் பிடித்தது 80,145. உண்மையான வரியைவிட 19,515 அதிகம். பிப்ரவரிப் பிடித்தத்தை மார்ச் 7-க்குள் அரசுக்குக் கட்டிவிடுவார்கள். இந்த 19,515-ஐக் கணக்குத் தாக்கல் செய்து வாங்குவதுதான் நடைமுறை. ஆனால் மார்ச்சில் பிடிக்கப்போகும் 29,615 இன்னும் உங்கள் சம்பளத்தில்தான் இருக்கிறது. கடிதம் காப்பாற்ற வேண்டியது அதைத்தான். ஆண்டுக்குள் கூடுதல் குறைவைச் சரிசெய்ய வருமான வரிச் சட்டத்தின் 192(3) நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. ஜனவரி 31 என்பது சட்டம் வைத்த தேதியன்று, நிறுவனம் தன் வசதிக்கு வைத்தது. ஆனால் தாமதமானதை ஏற்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. அதனால் கேட்கும் விதம் முக்கியம்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

> 2024-25 நிதியாண்டுக்கான எனது ஆதாரங்கள் வீட்டு உரிமையாளரின் பான் எண் கிடைக்கத் தாமதமானதால் பிப்ரவரி 6 அன்று மின்னஞ்சலில் அனுப்பப்பட்டன. செலவுகள் அனைத்தும் உரிய காலத்தில் செய்யப்பட்டவை. ரசீதுகளையும் 12பிபி படிவத்தையும் மீண்டும் இணைத்துள்ளேன்.
>
> பிப்ரவரி வரை ரூ.80,145 பிடிக்கப்பட்டுள்ளது. ஆதாரங்களின்படி ஆண்டு வரி சுமார் ரூ.60,630. பிரிவு 192(3)-இன்படி மார்ச் மாதப் பிடித்தத்தை மறுகணக்கிடக் கேட்டுக்கொள்கிறேன். மார்ச் சம்பளப் பட்டியல் முடிந்துவிட்டிருந்தால், நான்காம் காலாண்டு அறிக்கையிலும் ஃபார்ம் 16-இலும் இந்தக் கழிவுகளைக் காட்ட இயலுமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இயலாத இனம் இருந்தால் அதையும் எழுத்தில் தெரிவித்தால், கணக்குத் தாக்கலில் கோரிக்கொள்வேன்.

மார்ச் பட்டியல் பல இடங்களில் 20-ஆம் தேதியை ஒட்டி மூடப்படும். கடிதம் நாளைக்கே போகட்டும்.

நேர்மை_நாடி

26பி பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் மார்ச் சம்பளத்தில் கணக்கில் எடுக்காத கழிவை ஃபார்ம் 16-இல் மட்டும் காட்டுவது முறையா? எங்கள் தணிக்கையாளர் மறுத்துவிட்டார்.

சம்பளக்_கணக்கர்

காலாண்டு அறிக்கைக்கு மே 31 வரை நேரம் இருப்பதால் சில நிறுவனங்கள் செய்கின்றன, சில மறுக்கின்றன. நான் செய்திருக்கிறேன். உங்கள் தணிக்கையாளர் சொல்வதைத் தவறு என்றும் சொல்லமாட்டேன். அதனால்தான் அதைக் கேள்வியாக எழுதினேன்.

வீட்டுக்கடன்_ரவி

என் அனுபவத்தைச் சொல்கிறேன். போன ஆண்டு ஃபார்ம் 16 திருத்தி வரும் என்று காத்திருந்து, நவம்பரில்தான் கணக்குத் தாக்கல் செய்தேன். ஜூலை 31 தாண்டிவிட்டால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கடன் வட்டி இரண்டு லட்சத்துக்கான கழிவு முழுவதும் போயிற்று. ஃபார்ம் 16-இல் இல்லாத கழிவையும் ரசீது இருந்தால் தாக்கலில் கோரலாம். யாருக்காகவும் காத்திருக்காதீர்கள்.

சம்பளக்_கணக்கர்

ரவி சொன்னதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். புதிய முறையில் 2024-25-க்கு நிலைக் கழிவு 75,000. உங்கள் சம்பளத்துக்கு எந்த ரசீதும் இல்லாமலே வரி 52,780 தான். பழைய முறையைவிட 7,850 குறைவு. தொழில் வருமானம் இல்லாதவர் தாக்கலின்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். நிறுவனம் இந்த மார்ச்சில் மாற்றித் தர வாய்ப்புக் குறைவு, அதனால் கடிதத்தில் இதைக் கலக்க வேண்டாம்.

மடிப்பாக்கம்வாசி

அப்படியானால் பான் எண்ணுக்காக நான் அலைந்த அந்த ஒரு மாதம்?

சம்பளக்_கணக்கர்

மார்ச் சம்பளத்துக்கு அது தேவைப்படுகிறது அம்மா. உங்களுக்குப் பணம் ஏப்ரலில் வேண்டும். தாக்கல் வழியாக வந்தால் ஜூலைக்குப் பிறகுதான்.

மடிப்பாக்கம்வாசி (29 மார்ச் 2025)

கடிதத்தை 6-ஆம் தேதி கொடுத்தேன். காப்பீடு, பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு மூன்றையும் ஏற்றுக்கொண்டார்கள். வாடகை ரசீதுகளை வெளி நிறுவனம் சரிபார்ப்பதாகவும், அந்த வேலை முடிந்துவிட்டதால் வாடகையை மட்டும் ஏற்க முடியாது என்றும் எழுத்தில் பதில் தந்தார்கள். மார்ச்சில் 29,615-க்குப் பதில் 6,695 மட்டும் பிடித்திருக்கிறார்கள். பள்ளிக் கட்டணத்துக்கு வழி பிறந்தது. மொத்தம் 86,840 போயிருக்கிறது. புதிய முறையில் தாக்கல் செய்தால் 34,060 திரும்ப வரும் என்று கணக்கிட்டிருக்கிறேன், சரிதானா?

சம்பளக்_கணக்கர்

சேமிப்புக் கணக்கு வட்டி, வைப்புத்தொகை வட்டி இருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு பாருங்கள். இல்லையென்றால் சரி. ஜூன் 15-க்குள் ஃபார்ம் 16 தர வேண்டும். அதில் உள்ள 86,840-உம், உங்கள் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு தாக்கல் செய்யுங்கள்.